திரையில் தெரியும் எண் சாட்சி அல்ல

2022 நவம்பர் 24, 25 ஆகிய இரு நாள்களில் லண்டன் பெருநகரக் காவல்துறை ஏறத்தாழ 70,000 கைப்பேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது. வங்கி அதிகாரி போல் நடித்த மோசடியாளர்களிடம் நீங்கள் பேசியிருக்கலாம், எங்கள் இணையதளத்தைப் பாருங்கள் என்பது அதன் சாரம். கூடவே காவல்துறை ஓர் எச்சரிக்கையையும் பொதுவெளியில் வெளியிட்டது: இந்த இரு நாள்களில் மட்டுமே நாங்கள் செய்தி அனுப்புவோம், பிறகு வருவது எதுவும் எங்களுடையது அல்ல. ஒரு நாட்டின் தலைநகரக் காவல்துறைகூட, தான் அனுப்பும் செய்தி தன்னுடையதுதான் என்பதை அனுப்புநர் பெயரைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாமல், தேதியைக் கொண்டு அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தொலைபேசித் திரையில் தெரியும் எண்ணுக்கும் பெயருக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்தக் குறுஞ்செய்திக்குக் காரணம் 'ஐஸ்பூஃப்' என்ற இணையதளம். மாதக் கட்டணத்தை பிட்காயினில் செலுத்தினால், தாம் விரும்பும் எந்த எண்ணிலிருந்தும் அழைப்பது போலக் காட்டும் வசதியை அது விற்றது. 2022 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் அதன் வழியாக உலகெங்கும் சுமார் ஒரு கோடி மோசடி அழைப்புகள் போயின. அவற்றில் 35 லட்சம் பிரிட்டனுக்குள் போனவை. பார்க்லேஸ், சாண்டாண்டர், எச்.எஸ்.பி.சி., லாயிட்ஸ் போன்ற வங்கிகளின் எண்கள் அவற்றில் தோன்றின. அந்த 35 லட்சத்தில் மூன்றரை லட்சம் அழைப்புகள் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தன என்று காவல்துறை கூறியது. அதாவது பத்தில் ஒன்பது அழைப்புகள் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால், அழைப்புக்கான செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும்போது, பத்தில் ஒருவர் நின்று கேட்டாலே அது லாபகரமான தொழில். உலக அளவில் இழப்பு 10 கோடி பவுண்டுக்கும் அதிகம் என மதிப்பிடப்பட்டது. தளத்தை நடத்தியவருக்கு 2023 மே மாதம் 13 ஆண்டு 4 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே எழும் கேள்வி எளிமையானது. வேறொருவரின் எண்ணை ஒருவர் எப்படித் தன் எண்ணாகக் காட்ட முடிகிறது? அதற்காக அந்த வங்கியின் கணினிக்குள் அவர் புகுந்தாரா, தொலைபேசி நிறுவனத்தை ஊடுருவினாரா? இரண்டும் இல்லை. ஒரு பெட்டியில் எண்ணைத் தட்டச்சு செய்தார், அவ்வளவுதான்.

பள்ளியில் கடிதம் எழுதக் கற்றபோது 'அனுப்புநர்', 'பெறுநர்' என்று இரு முகவரிகளை எழுதினோம். பெறுநர் முகவரி தவறானால் கடிதம் போய்ச் சேராது. அனுப்புநர் முகவரியில் எதை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். அஞ்சல்காரர் அதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. தொலைபேசி அழைப்பும் இப்படித்தான். ஒவ்வோர் அழைப்பும் இரண்டு எண்களைச் சுமந்து செல்கிறது. அழைக்கப்படும் எண் வழிகாட்டி. அதைப் பார்த்துத்தான் இணைப்பகங்கள் அழைப்பை அடுத்தடுத்துத் திருப்பிவிடுகின்றன. அழைப்பவரின் எண்ணோ உடன் செல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. அது பொய்யாக இருந்தாலும் அழைப்பு இம்மியும் பிசகாமல் உங்களை வந்தடையும். இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது இந்த வேறுபாடுதான்.

தொடக்கத்தில் அந்தக் குறிப்பு நம்பத்தக்கதாகவே இருந்தது. வீட்டுக்கு வரும் கம்பி எந்த எண்ணுக்கு உரியது என்பது இணைப்பகத்துக்குத் தெரியும். அழைப்பவரின் எண்ணை இணைப்பகமே எழுதி அனுப்பியது. ஒரு நாட்டில் ஒன்றோ இரண்டோ தொலைபேசி நிறுவனங்கள் இருந்த காலம் அது. 'எஸ்.எஸ்.7' எனப்படும் சமிக்ஞை முறை 1980-களில் பரவியபோது, ஓர் இணைப்பகம் சொல்வதை மற்றோர் இணைப்பகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒருவரையொருவர் அறிந்த சிலர் மட்டும் அமர்ந்திருந்த அறையில் யாரும் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

எண்ணை மாற்றிக் காட்டுவதற்கு நேர்மையான தேவையும் இருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் இருநூறு இணைப்புகள் இருக்கலாம். எந்த அறையிலிருந்து அழைத்தாலும் வெளியே தலைமை எண் மட்டுமே தெரிய வேண்டும் என்று அது விரும்பும். எனவே நிறுவனங்களின் உள் இணைப்பகங்களே அழைப்பாளர் எண்ணைத் தந்து அனுப்ப அனுமதிக்கப்பட்டது. அந்த எண் வலைப்பின்னல் தந்ததா, பயனர் தந்ததா, பயனர் தந்தது சரிபார்க்கப்பட்டதா என்று குறிக்க ஒரு சிறு குறியீடும் சமிக்ஞையில் உண்டு. ஆனால், நம் கைப்பேசித் திரை அந்தக் குறியீட்டை நமக்குக் காட்டுவதில்லை. சரிபார்த்த எண்ணும் சரிபார்க்காத எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் ஒளிர்கின்றன.

பிறகு இணையவழிக் குரல் அழைப்பு வந்தது. கம்பி போயிற்று. கம்பி தந்த அடையாளமும் உடன் போயிற்று. ஒரு கணினி நிரல் எந்த நாட்டில் இருந்தும் அழைப்பைத் தொடங்கலாம். அழைப்பாளர் எண் என்பது அந்த நிரல் நிரப்பும் ஒரு கட்டம். அழைப்பை முதலில் ஏற்கும் சிறு நிறுவனம் அந்தக் கட்டத்தைச் சோதிக்காவிட்டால், அதற்குப் பிறகு வரும் பெரிய நிறுவனங்களால் சோதிக்க இயலாது. முந்தைய நிறுவனம் சொன்னதை வழிமொழிவது மட்டுமே அவற்றால் முடியும். நான்கு கைகள் மாறி வரும் அழைப்பில், முதல் கை சொன்ன பொய் நான்காம் கையில் உண்மையின் தோற்றம் பெற்றுவிடுகிறது.

ஓர் அழைப்பைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து பார்ப்போம். மோசடியாளர் தளத்தில் நுழைந்து, காட்ட வேண்டிய எண்ணாக வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணை எழுதுகிறார். அழைக்க வேண்டிய எண்ணாக உங்கள் எண்ணை எழுதுகிறார். அழைப்பு இணையம் வழியே ஒரு சிறு நிறுவனத்துக்கும், அங்கிருந்து ஒரு பெரிய நிறுவனத்துக்கும், இறுதியில் உங்கள் கைப்பேசி நிறுவனத்துக்கும் வருகிறது. உங்கள் கைப்பேசி, வந்த எண்ணைத் தன்னிடமுள்ள முகவரிப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. வங்கியின் எண்ணை நீங்கள் முன்பே சேமித்து வைத்திருந்தால், திரையில் வங்கியின் பெயரே தோன்றும். அந்தப் பெயரை மோசடியாளர் அனுப்பவில்லை. உங்கள் கைப்பேசியே எடுத்துக் கொடுத்தது. பொய்யின் கடைசிப் பகுதியை நம் சொந்தக் கருவியே பூர்த்தி செய்துவிடுகிறது.

அடுத்து அவர் பேசும் முறையைக் கவனிக்க வேண்டும். "உங்கள் கணக்கிலிருந்து பெருந்தொகை ஒன்றை எடுக்க யாரோ முயல்கிறார்கள். நீங்கள் என்னை நம்ப வேண்டாம். அட்டையைத் திருப்பி, பின்னால் உள்ள எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்பார். நீங்கள் ஒப்பிடுகிறீர்கள். ஓர் இலக்கமும் மாறவில்லை. எச்சரிக்கையானவர் என்று தம்மைக் கருதுபவரே இந்த இடத்தில் அதிகம் விழுகிறார். ஏனெனில், சரிபார்த்துவிட்டோம் என்ற நிறைவு அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அவர் சரிபார்த்ததோ மோசடியாளர் எழுதிக் கொடுத்த விடையை மட்டுமே.

சரி, வங்கியின் எண்ணிலிருந்து வந்தது போன்ற இத்தகைய அழைப்பு உண்மையில் எதைக் காட்டுகிறது? முதலில், எதைக் காட்டவில்லை என்பதைச் சொல்லிவிடலாம். வங்கியின் கணினி ஊடுருவப்பட்டது என்று அது காட்டவில்லை. வங்கியின் தொலைபேசி இணைப்பு பறிபோனது என்றும் காட்டவில்லை. அந்த எண்ணுக்கு உரிய வங்கிக்கு இப்படி ஓர் அழைப்பு நடந்ததே தெரியாது. அழைப்பு அதன் இணைப்பைத் தொடவே இல்லை. உங்கள் கணக்கில் பணம் போய்விட்டது என்பதற்கும் அந்த அழைப்பு ஆதாரம் ஆகாது.

அது காட்டுவது மூன்று செய்திகளை. ஒருவரிடம் உங்கள் எண் இருக்கிறது. ஒருவேளை உங்கள் பெயர், வங்கி, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்ற சில துணுக்குகளும் இருக்கலாம். இவை எங்கோ கசிந்த பட்டியலிலோ, முன்பு நீங்கள் நிரப்பிய போலிப் படிவத்திலோ கிடைத்திருக்கும். மூன்றாவது செய்திதான் முதன்மையானது. உங்கள் பணத்தை எடுக்க அவருக்கு இன்னும் ஏதோ ஒன்று குறைகிறது. எல்லாம் கையில் இருந்தால் அவர் உங்களை அழைத்திருக்க மாட்டார். பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவரிடம் சாவி கேட்பவர் அவர். 'உங்கள் பணம் ஆபத்தில் உள்ளது' என்று அவர் சொல்லும் கணத்தில் பணம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. அவர் சொல்வதைச் செய்யும் கணத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வங்கியிடமிருந்து ஒருமுறை கடவுச்சொல் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், நிலைமை வேறு. அந்தச் செய்தி பெரும்பாலும் உண்மையாகவே வங்கி அனுப்பியதாக இருக்கும். அப்படியானால், உங்கள் அட்டை விவரத்தையோ நுழைவுச் சொல்லையோ வைத்துக்கொண்டு ஒருவர் இப்போதே ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். 'பரிவர்த்தனையை ரத்து செய்ய அந்த எண்களைச் சொல்லுங்கள்' என்று அவர் கேட்பார். ரத்து செய்யக் கடவுச்சொல் தேவையில்லை, நிறைவேற்றத்தான் தேவை. சொல்லாமல் துண்டித்துவிட்டால் அந்தப் பரிவர்த்தனை அங்கேயே நின்றுவிடும். ஆனால், அத்துடன் அமைதியடையாமல் அட்டையை முடக்கி, நுழைவுச் சொல்லை அன்றே மாற்ற வேண்டும்.

இதைத் தடுக்க வழியே இல்லையா? சில முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்கா 'ஸ்டிர்-ஷேக்கன்' என்ற முறையைப் பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. அழைப்பு தொடங்கும் இடத்திலுள்ள நிறுவனம் அதன் மீது மின்னணுக் கையொப்பம் இடுகிறது. இந்த வாடிக்கையாளரை அறிவேன், இந்த எண் அவருடையதே என்பது முதல் தரம். வாடிக்கையாளரை அறிவேன், எண்ணைப் பற்றி அறியேன் என்பது இரண்டாம் தரம். எங்கிருந்தோ வந்ததை வாங்கி அனுப்புகிறேன் என்பது மூன்றாம் தரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இந்தக் கையொப்பம் இணைய நெறிமுறையில் இயங்கும் வலைப்பின்னலில் மட்டுமே பயணிக்கும். வழியில் ஒரு பழைய இணைப்பகம் குறுக்கிட்டால் உதிர்ந்துவிடும். மேலும், எண் உண்மையானது என்றுதான் அது சான்று தரும். பேசுபவர் யோக்கியர் என்று தராது.

பிரிட்டன் வேறொரு வழியையும் கண்டது. அட்டையின் பின்புற எண் போன்றவை வாடிக்கையாளர் அழைப்பதற்காக மட்டுமே இருப்பவை. அவற்றிலிருந்து வங்கி யாரையும் அழைப்பதில்லை. அத்தகைய எண்களைப் பட்டியலிட்டு, அவை அழைப்பாளர் எண்ணாகத் தோன்றினால் உடனே தடுக்குமாறு தொலைபேசி நிறுவனங்களுக்கு 2019-இல் வழங்கத் தொடங்கினர். எளிய, மலிவான தடுப்பு இது. பட்டியலில் உள்ள எண்களை மட்டுமே அது காக்கும் என்பது அதன் எல்லை.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. வெளிநாட்டு நுழைவாயில் வழியே வரும் அழைப்பு ஒன்று +91 என்ற இந்திய எண்ணைச் சுமந்து வந்தால் அது ஐயத்துக்குரியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலி எனக் கண்டு நிறுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆனால், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடுத்துவிட முடியாது. சிங்கப்பூருக்குச் சென்றிருக்கும் மகன் தன் இந்திய எண்ணிலிருந்தே தாயை அழைக்கலாம். அந்த எண் உண்மையில் வெளிநாட்டில் உலவுகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வாயில் அடைபட்டால் மோசடியாளர்கள் வேறு வழியும் தேடுவார்கள். பல சிம் அட்டைகளைச் செருகிய கருவியை உள்நாட்டில் வைத்து, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றுவது அவற்றுள் ஒன்று. அப்போது திரையில் தெரியும் எண் உண்மையான எண்தான். வங்கியினுடையது அல்ல, அவ்வளவே.

வங்கிகளுக்கென 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. பரிவர்த்தனை, சேவை தொடர்பான அழைப்புகளை அந்த வரிசையிலிருந்தே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. இதன் பயன் ஒரு திசையில் மட்டுமே உறுதியானது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'வங்கி பேசுகிறது' என்றால் ஐயப்பட நல்ல காரணம் கிடைக்கிறது. ஆனால், 1600 என்று தெரிந்தாலே கடவுச்சொல்லைச் சொல்லலாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. அதுவும் திரையில் தெரியும் எண்தான்.

இத்தனை ஆண்டுகள் இந்த ஓட்டை திறந்தே கிடந்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. பொருளியலில் புறவிளைவு என்ற கருத்து உண்டு. ஒருவர் செய்வதன் செலவு வேறொருவர் தலையில் விழுந்தால், அதைக் குறைக்க முன்னவருக்கு ஆர்வம் இராது. அழைப்பைக் கடத்தும் நிறுவனத்துக்கு நல்ல அழைப்பும் போலி அழைப்பும் ஒரே வருவாய்தான். இழப்போ, பேசியவருடையது. இந்தியாவில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. ஆனால், கடவுச்சொல்லை அவரே பகிர்ந்திருந்தால் அது அவரது கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்புதான் வங்கியினுடையது.

திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தபோது நம்பியவரை எந்த அளவுக்குக் கவனக்குறைவானவர் என்று சொல்வது நியாயம்? பிரிட்டன் இதற்கு வேறு விடை கண்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பிய வாடிக்கையாளருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதைப் பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஏற்க வேண்டும். மோசடிக் கணக்கு எந்த வங்கியில் திறக்கப்பட்டதோ, அதற்கும் இப்போது செலவு உண்டு. அங்கும்கூட அழைப்பைக் கடத்திய தொலைபேசி நிறுவனம் இந்தப் பங்கீட்டில் இல்லை. எண்ணைச் சரிபார்க்கக் கூடிய ஒரே தரப்பு செலவில் பங்கேற்காதவரை ஓட்டை முழுமையாக அடைபடாது என்பதே என் கருத்து.

அதுவரை நம் கையில் இருப்பது, தொடக்கத்தில் சொன்ன அந்த வேறுபாடுதான். வரும் அழைப்பின் எண்ணைப் பொய்யாக்கலாம். நாம் சுழற்றும் எண்ணை அப்படி எளிதில் பொய்யாக்க முடியாது. அது வழிகாட்டும் எண். உரிய இடத்துக்கே இட்டுச் செல்லும். ஆகவே, வங்கியின் பெயரால் யார் அழைத்தாலும் வாதிடாமல் துண்டித்துவிட்டு, அட்டையில் உள்ள எண்ணை நாமே விரல்விட்டு அழுத்தி அழைக்க வேண்டும். அழைப்புப் பட்டியலில் உள்ள எண்ணைத் தட்டுவதைவிட அட்டையைப் பார்த்து அழுத்துவதே நல்லது. ஓரிலக்கம் மாறிய எண் பட்டியலில் இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். இணையத்தில் தேடி எடுக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். அங்கே போலி உதவி எண்கள் ஏராளம். கம்பிவழித் தொலைபேசியானால், மறுமுனையில் இருப்பவர் வைக்காதவரை இணைப்பு சற்று நேரம் நீடிக்கக்கூடும் என்பதால் வேறொரு தொலைபேசியிலிருந்து அழைப்பது பாதுகாப்பு. உண்மையான வங்கி அதிகாரி, 'வைத்துவிட்டு நான் அழைக்கிறேன்' என்றால் மறுக்க மாட்டார். வைக்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பவர் யார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும், cybercrime.gov.in தளத்திலும் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்.

1930 பணம் போன பிறகு அழைக்கும் எண். ஐயம் எழும் கணத்திலேயே அழைக்கும் எண் ஒன்றும் நமக்கு வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 159 என்ற எண்ணைத் தொடங்கினார்கள். ஐயமான அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு அந்த மூன்று இலக்கங்களை அழுத்தினால், திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கிகளில் உங்களுடையதோடு இணைத்துவிடும். அட்டையைத் தேட வேண்டாம். முதியவர்கூட மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பற்றி மக்களுக்குச் சொல்லப்பட்டதில் முக்கியமான வாசகம் ஒன்று உண்டு: 159 ஒருபோதும் உங்களை அழைக்காது. அழைக்கவே அழைக்காத எண்ணின் பெயரால் யாரும் ஏமாற்ற முடியாது. இந்திய வங்கிகளும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து அப்படி ஓர் எண்ணை ஏற்படுத்துவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.